பாதியில் தீர்ந்த டேட்டா: வவுச்சர் போடுவதா, பெரிய திட்டத்துக்கு மாறுவதா?

பெங்களூரு அல்சூரில் என் உறவினரின் ரீசார்ஜ் கடையில் மாலை நேரங்களில் உட்கார்ந்து வருகிறேன். மாதக் கடைசியில் வருகிறவர்களைவிட, திட்டம் பாதியில் இருக்கும்போதே டேட்டா தீர்ந்து வருகிறவர்கள்தான் அதிகமாகப் பணத்தை இழக்கிறார்கள். அவசரத்தில் தவறான வவுச்சரைப் போட்டுக்கொள்கிறார்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் மிச்சமிருக்கும் திட்டத்தின் மேல் இன்னொரு திட்டத்தை வாங்கி, அது வேலை செய்யவில்லை என்று மறுநாள் திரும்பி வருகிறார்கள். செய்ய வேண்டியவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். இது ப்ரீபெய்ட் எண்களுக்கு உரியது.

1. முதலில், தீர்ந்தது எது என்று பாருங்கள்

“நெட் வரவில்லை” என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு நிலைமைகள் உண்டு. நாள் அளவு தீர்ந்திருக்கலாம். மொத்த அளவு தீர்ந்திருக்கலாம். திட்டத்தின் வேலிடிட்டியே முடிந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளுக்கு 1.5 ஜிபி என்பது போன்ற திட்டத்தில் அன்றைய அளவு தீர்ந்தால், பெரும்பாலான திட்டங்களில் இணைப்பு அறுந்து போவதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைக்கப்படுகிறது. வாட்ஸாப்பில் எழுத்துச் செய்தி போகும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். இதுதான் அடையாளம். நள்ளிரவு கடந்ததும் புதிய நாளின் அளவு தானாக வந்துவிடும்.

மொத்த அளவாக டேட்டா தரும் திட்டத்தில் அது தீர்ந்துவிட்டால், நள்ளிரவு வரை காத்திருந்து பயனில்லை. அழைப்பு போகும், டேட்டா மட்டும் வராது. வெளியே செல்லும் அழைப்பும் போகவில்லை என்றால் முடிந்தது திட்டம்தான். அந்த நிலையில் டேட்டா வவுச்சரை வாங்கவே கூடாது. ஏன் என்பதை மூன்றாவது பகுதியில் சொல்கிறேன்.

உறுதி செய்துகொள்ள, நிறுவனத்தின் செயலியைத் திறந்து மீதி அளவையும் திட்டம் முடியும் தேதியையும் பாருங்கள். டேட்டா பயன்பாடு 50, 90, 100 விழுக்காட்டை எட்டும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அந்தக் குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அழிக்காமல் இருந்தால், எந்த அளவு எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதும் தெரிந்துவிடும்.

2. கடையில் “டாப்-அப்” என்று கேட்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு பெரியவர் வந்து, “தம்பி, நெட் நின்னுபோச்சு, நூறு ரூபாய்க்கு டாப்-அப் போடு” என்றார். அவர் கேட்டபடியே போட்டிருந்தால் அவருடைய முதன்மைக் கணக்கில் பேச்சுத்தொகை ஏறியிருக்கும். ஒரு எம்பி டேட்டாகூட வந்திருக்காது.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் டாப்-அப் என்கிறோம். ஆனால் டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளில் டாப்-அப் வவுச்சர் என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. அது ரூபாய் மதிப்பை மட்டும் கணக்கில் சேர்க்கும். அதற்கு வேலிடிட்டி கிடையாது. டேட்டா தருவது சிறப்புக் கட்டண வவுச்சர் என்னும் வேறு வகை. அதற்குக் கட்டாயம் ஒரு வேலிடிட்டி உண்டு. செயலிகளில் இதை டேட்டா பேக், ஆட்-ஆன், பூஸ்டர் என்று பல பெயர்களில் வைத்திருப்பார்கள்.

ஆகவே கடைக்காரரிடம், “டேட்டா வவுச்சர் வேண்டும், இத்தனை ஜிபி, இத்தனை நாள்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொகையை மட்டும் சொல்வது ஆபத்து.

3. வவுச்சரின் வேலிடிட்டியைச் சரியாகப் படியுங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் ஜிபியையும் விலையையும் பார்க்கிறார்கள். வேலிடிட்டி வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பணம் வீணாகும் இடம் அதுதான். வேலிடிட்டி பொதுவாக மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

முதல் வகை, அடிப்படைத் திட்டம் உள்ளவரை செல்லும். திட்டத்தில் 40 நாள் மிச்சமிருந்தால் வவுச்சருக்கும் 40 நாள். இரண்டே நாள் இருந்தால் இரண்டே நாள். ஆகவே இந்த வகையைத் திட்டத்தின் தொடக்கத்தில் வாங்கினால் லாபம், கடைசி நாட்களில் வாங்கினால் நட்டம். விலை இரண்டு நேரத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது வகை, தனக்கென்று நாள் கணக்கு வைத்திருக்கும்: 7 நாள், 30 நாள் என்பது போல. இது திட்டத்தின் எந்த நாளில் வாங்கினாலும் அத்தனை நாள் ஓடும். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டேட்டா வவுச்சர் பெரும்பாலும் தனியாக நிற்காது. கீழே உயிரோடு ஒரு அடிப்படைத் திட்டம் இருந்தாக வேண்டும். திட்டம் ஐந்து நாளில் முடிகிறது, நீங்கள் 30 நாள் வவுச்சர் போடுகிறீர்கள் என்றால், ஆறாம் நாள் திட்டத்தைப் புதுப்பிக்காவிட்டால் வவுச்சரில் டேட்டா இருந்தும் பயன்படுத்த முடியாது. அதே நேரம் அதன் நாட்கள் கழிந்துகொண்டே போகும். திட்டம் முடிந்துவிட்ட எண்ணுக்கு வவுச்சர் வாங்கக்கூடாது என்று முன்பு சொன்னதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது வகை ஒரு மணி நேரம், ஒரு நாள் போன்ற குறுகிய வவுச்சர். “ஒரு நாள்” என்பதற்கு எல்லா இடத்திலும் 24 மணி நேரம் என்று பொருள் இல்லை. சில வவுச்சர்கள் வாங்கிய அன்று இரவு 11:59-க்கே முடிந்துவிடும். இரவு பத்தரைக்கு அப்படி ஒன்றை வாங்கினால் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். நாள் அளவுத் திட்டம் வைத்திருப்பவருக்கு நள்ளிரவில் புதிய டேட்டா எப்படியும் வரப்போகிறது என்பதால், அந்த நேரத்தில் குறைந்த வேகத்தோடு சமாளித்துவிடுவதே நல்லது. யுபிஐ பணப் பரிமாற்றமும் எழுத்துச் செய்தியும் மெதுவாகவாவது போய்விடும். காலை ஒன்பதுக்கு நாள் அளவு தீர்ந்து, பகல் முழுக்க வகுப்பு இருக்கிறது என்றால் அப்போது வாங்குங்கள்.

எந்த வகையானாலும், வேலிடிட்டி முடிந்ததும் மிச்சம் இருக்கும் டேட்டா போய்விடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். விதிப்படி டேட்டா வவுச்சருக்கு 365 நாள் வரை வேலிடிட்டி தரலாம். ஆனால் கடையில் நாங்கள் விற்பவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளிலிருந்து 30 நாளுக்குள் அடங்கிவிடுகின்றன.

4. வவுச்சர் எப்போது செலவாகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நாள் அளவுத் திட்டத்தின் மேல் 12 ஜிபி வவுச்சர் போட்டால், வழக்கமாக அன்றைய 1.5 ஜிபி முதலில் செலவாகும். அது தீர்ந்த பிறகே வவுச்சரில் கை வைக்கும். நள்ளிரவில் நாள் அளவு புதிதாக வந்ததும் வவுச்சர் மீண்டும் ஓரமாகக் காத்திருக்கும். தினம் கொஞ்சம் பற்றாக்குறை உள்ளவருக்குப் பல நாள் வேலிடிட்டியுள்ள பெரிய வவுச்சர் பொருந்துவது இதனால்தான்.

இதே வசதியில் ஒரு பொறியும் இருக்கிறது. நாள் அளவு தீர்ந்து வவுச்சருக்கு மாறும்போது வேகம் குறையாது என்பதால், மாறியது உங்களுக்குத் தெரியாது. ஆகவே வவுச்சர் போடுவதற்கு முன்பே செயலிப் புதுப்பிப்பு, படங்களின் தானியங்கிச் சேமிப்பு, வாட்ஸாப்பின் தானியங்கிப் பதிவிறக்கம் ஆகிய மூன்றையும் வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றுங்கள். போட்ட பிறகு மாற்றலாம் என்று விட்டவர்கள், காலையில் எழுந்து பார்க்கும்போது பாதி வவுச்சர் காணாமல் போயிருக்கும்.

இரண்டு வவுச்சரை ஒரே நாளில் வாங்கி வைப்பதையும் தவிருங்கள். இரண்டின் நாட்களும் ஒருசேர ஓடத் தொடங்கிவிடக்கூடும்; முதலாவது தீர்ந்த பின் இரண்டாவதை வாங்கினால் அதன் நாட்கள் முழுமையாகக் கிடைக்கும்.

5. பெரிய திட்டம் இன்றே தொடங்குமா என்று கேளுங்கள்

“பெரிய திட்டத்துக்கு மாறிவிடுகிறேன்” என்று சொல்வது எளிது. ஆனால் நடப்புத் திட்டம் உயிரோடு இருக்கும்போது இன்னொரு திட்டம் வாங்கினால் என்ன ஆகும் என்பது நிறுவனத்தையும் திட்டத்தையும் பொறுத்தது. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நகராதீர்கள், ஏனென்றால் நிறைவேறிய ரீசார்ஜை ரத்து செய்து பணம் திரும்பப் பெறுவது பொதுவாக நடக்காத காரியம்.

ஒரு முறையில் புதிய திட்டம் வரிசையில் நிற்கும். பழையது முடிகிற நாள் வரை பழைய அளவுதான். பணம் போய்விட்டது, டேட்டா வரவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையில் சிக்கியவர்களே. அவர்களுடைய பணம் தொலைந்துவிடவில்லை. அது பின்னால் பயன்படும். இன்றைய பற்றாக்குறைக்கு மட்டும் அது உதவாது.

இன்னொரு முறையில், வரிசையில் நிற்கும் திட்டத்தை இப்போதே தொடங்கச் சொல்லும் பொத்தான் செயலியில் இருக்கும், அல்லது புதிய திட்டம் தானாகவே பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படித் தொடங்கினால் பழைய திட்டத்தில் மிச்சமிருந்த நாட்கள் போய்விடக்கூடும். பொத்தானை அழுத்தும் முன் வரும் எச்சரிக்கை வாசகத்தை முழுவதும் படியுங்கள். அவசரத்தில் எல்லோரும் “சரி” என்று அழுத்திவிட்டுத்தான் அதைப் படிக்கிறார்கள்.

6. கணக்கு போடுங்கள்

மாரத்தஹள்ளி பிஜி விடுதி ஒன்றில் தங்கியிருக்கும் திருப்பத்தூர்த் தம்பி ஒருவரின் கதையை வைத்துச் சொல்கிறேன். தெருவில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்து, பிஜியின் வைஃபை போய்விட்டது. அதைச் சரிசெய்யப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று உரிமையாளர் சொன்னாராம். தம்பியின் திட்டம் 84 நாள், நாளுக்கு 1.5 ஜிபி, அதில் 50 நாள் கழிந்து 34 நாள் மிச்சம். அலுவலகக் காணொளிக் கூட்டங்கள் இருப்பதால் தினம் இன்னும் ஒரு ஜிபி வேண்டும். “அண்ணா, 2.5 ஜிபி திட்டத்துக்கே மாறிடறேன்” என்று பணத்தை எடுத்துவிட்டார்.

கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், கணக்குக்கு எளிதான தொகைகளை வைத்துக்கொள்கிறேன். உங்கள் நிறுவனத்தின் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடப்புத் திட்டம் 840 ரூபாய், அதாவது நாளுக்கு 10 ரூபாய். பெரிய திட்டம் 1,176 ரூபாய், நாளுக்கு 14 ரூபாய். ஒரு நாள் வவுச்சர் ஒரு ஜிபிக்கு 22 ரூபாய். 30 நாள் வவுச்சர் 12 ஜிபிக்கு 150 ரூபாய்.

பலர் இரண்டு திட்டங்களின் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து, “நாளுக்கு நாலு ரூபாய்தானே அதிகம்” என்கிறார்கள். மிச்சமிருக்கும் 34 நாளுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. இன்றே மாறினால் அந்த நாட்கள் போய்விடும். ஆகவே அந்த 34 நாளுக்கு நீங்கள் கையிலிருந்து புதிதாகச் செலவழிப்பது நாளுக்கு நாலு ரூபாய் இல்லை, முழு 14 ரூபாய். 34 நாளுக்கு 476 ரூபாய். பிறகு வைஃபை வந்துவிட்டதால் தேவைப்படாத 50 நாளுக்கும் நாளுக்கு நாலு ரூபாய் கூடுதலாக, 200 ரூபாய். மொத்தம் 676 ரூபாய்.

அதே பன்னிரண்டு நாளை ஒரு நாள் வவுச்சர்களால் ஓட்டினால் 264 ரூபாய். ஒரே 30 நாள் வவுச்சரால் ஓட்டினால் 150 ரூபாய். தம்பி 150 ரூபாயோடு கிளம்பினார். வைஃபை பதினோராம் நாளே வந்துவிட்டது. வவுச்சரில் மிச்சமிருந்த ஒன்றேகால் ஜிபி, நாட்கள் பாக்கி இருந்ததால், ஊருக்குப் போகும் ரயிலில் செலவாயிற்று. ஒரு நாள் வவுச்சர்களாக வாங்கியிருந்தால், அன்றன்று மிஞ்சியது அன்றன்றே போயிருக்கும்.

இப்போது தேவையை மாற்றிப் பார்ப்போம். வைஃபை இனி வராது, தினம் ஒரு ஜிபி கூடுதலாக என்றென்றும் வேண்டும் என்றால்? 34 நாளுக்கு 34 ஜிபி. 12 ஜிபி வவுச்சர் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக வாங்க 450 ரூபாய். இன்றே மாறினால் 476 ரூபாய். ஏறக்குறைய சமம். பற்றாக்குறை தினம் ஒன்றரை ஜிபி என்றால் 51 ஜிபிக்கு ஐந்து வவுச்சர், 750 ரூபாய் ஆகிவிடும். பெரிய திட்டம் தரும் கூடுதல் ஒரு ஜிபி போக, மீதி அரை ஜிபிக்கு இரண்டு வவுச்சர் வாங்கினாலும் 776 ரூபாய்தான். இந்த அளவு பற்றாக்குறையில் விலை பெரிதாக முடிவு செய்வதில்லை. என்னைக் கேட்டால், சமமாக வரும்போது வவுச்சரையே சொல்வேன். தேவை பாதியில் நின்றுவிட்டால் அடுத்த வவுச்சரை வாங்காமல் விட்டுவிடலாம். மாறிய திட்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆக, கூடுதல் தேவை தொடர்ந்து இருக்கும் என்றால், ஒப்பிட வேண்டியவை இரண்டே எண்கள்: மிச்ச நாட்களை புதிய திட்டத்தின் ஒரு நாள் விலையால் பெருக்கி வருவது ஒன்று; அந்த நாட்களின் பற்றாக்குறைக்கு வேண்டிய வவுச்சர்களின் மொத்த விலை மற்றொன்று. திட்டம் முடிய மூன்று நான்கு நாளே இருந்தால் முதல் எண் மிகச் சிறிதாகிவிடும். அப்போது நீண்ட வவுச்சர் வாங்குவதைவிட மாறுவதே மேல்.

7. 5ஜி கைபேசி இருந்தால் இன்னொரு கேள்வி

2024 ஜூலையில் நடந்த கட்டண மாற்றத்தின்போது ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பற்ற 5ஜி டேட்டாவை நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களோடு இணைத்தன. சாதாரண டேட்டா வவுச்சர் போடுவதால் மட்டும் 1.5 ஜிபி திட்டத்துக்கு இந்தச் சலுகை வந்துவிடாது. உங்கள் கைபேசி 5ஜி, வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் 5ஜி சமிக்ஞை நிலையாகக் கிடைக்கிறது என்றால், மேலே போட்ட கணக்கு பெரிய திட்டத்தின் பக்கம் சாயும். தேர்ந்தெடுக்கும் திட்டத்தின் விவரத்தில் இச்சலுகை இப்போதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாறும் முன் இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள்: டேட்டாவை அதிகம் செலவழிக்கும் இடத்தில் திரையின் மேல் 5ஜி குறி நிலையாக நிற்கிறதா, 4ஜிக்கு அடிக்கடி இறங்குகிறதா? இறங்கும் நேரத்தில் செலவாவது உங்கள் நாள் அளவு. பெங்களூருவின் அடுக்குமாடிகளில் வெளி அறையில் 5ஜியும் உள் அறையில் 4ஜியும் கிடைப்பது சாதாரணம்.

8. பணம் கட்டும்போதும் அதற்குப் பின்னும்

எண்ணை ஒரு முறை சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள்; இரண்டு சிம் உள்ள கைபேசியில் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். மற்ற சிம்முக்கு வவுச்சர் போட்டுவிட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

உறுதிச் செய்தி வந்ததும் அதில் உள்ள ஜிபியையும் முடியும் தேதியையும் நீங்கள் வாங்கியதோடு ஒப்பிடுங்கள். செய்தி வந்தும் வேகம் திரும்பவில்லை என்றால் விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். பழைய இணைப்பு குறைந்த வேகத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. இதைச் செய்து பார்க்காமல் இரண்டாவது வவுச்சரை வாங்காதீர்கள்.

பணம் கழிந்தும் செயலியில் வவுச்சர் தெரியவில்லை என்றால், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு 198-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அது கட்டணமில்லா எண். அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காமல் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தால், அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த எண்ணைத்தான்.